பொம்மைக்கு ஞாபகம் கிடையாது, கம்பெனிக்குத்தான் உண்டு



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பத்து வயதுக்குள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் அப்படி இருப்பவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கரடி பொம்மை. குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். நேற்று குழந்தை சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு இன்று விசாரிக்குமாம். "வாங்கலாமா சார்?" என்று ஒருவர் கேட்டதற்குப் பத்துப் பேர் பதில் போட்டிருந்தார்கள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், தமிழ் பேசுமா, தள்ளுபடி எப்போது வரும், எல்லாம் வந்துவிட்டது. அந்தப் பெயரை அது எங்கே வைத்துக்கொள்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு கேள்விக்கு நேரான பதில் தர முடியாத கம்பெனியின் பொம்மையை வீட்டுக்குள் விடக் கூடாது. எவ்வளவு அழகாகப் பேசினாலும் சரி, யார் பரிசாகக் கொடுத்தாலும் சரி.

முதலில் அந்தக் கரடி எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். அதன் வயிற்றுக்குள் ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், வைஃபை பிடிக்கும் ஒரு சின்ன சில்லு, இவ்வளவுதான் இருக்கும். குழந்தை பேசியதும் அந்தக் குரல் இணையம் வழியாகக் கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. அங்கே ஒரு மென்பொருள் குரலை எழுத்தாக மாற்றுகிறது. அந்தக் குழந்தையைப் பற்றி ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் குறிப்பு, அதாவது பெயர், வயது, தம்பி பெயர், பிடித்த சாப்பாடு எல்லாம் அதோடு சேர்கிறது. இரண்டையும் வைத்துப் பதில் தயாரிக்கும் வேலை பல சமயம் இன்னொரு கம்பெனியின் கணினியில் நடக்கும். பதில் மறுபடி குரலாகி கரடியின் வாய்க்கு வருகிறது. எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். குழந்தைக்குக் கரடி பேசியதாகத்தான் தெரியும்.

ஆக, கரடிக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது. எங்கோ ஒரு கம்பெனி உங்கள் பிள்ளை பெயரில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. கரடி பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து படிக்கிறார்கள். பெயரை மட்டும் பொம்மைக்குள்ளேயே பதிந்து வைக்கும் எளிய பொம்மைகளும் சந்தையில் உண்டு. ஆனால் நேற்றைய பேச்சை இன்று விசாரிக்கும் பொம்மை என்றால், அந்தப் பேச்சு வீட்டை விட்டு வெளியே போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"போனால் போகட்டும், பெரிய கம்பெனி, பத்திரமாகத்தானே வைத்திருப்பான்" என்பவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். கற்பனை இல்லை, 2017-இல் உலகமே படித்த செய்தி.

அமெரிக்காவில் ஸ்பைரல் டாய்ஸ் என்ற கம்பெனி கிளவுட்பெட்ஸ் என்று ஒரு பொம்மை விற்றது. கரடி, முயல் என்று பல உருவங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா தன் போனில் "தூங்கு கண்ணு" என்று பேசி அனுப்புவார். அது கம்பெனியின் சர்வருக்குப் போய், வீட்டில் இருக்கும் அம்மாவின் போனுக்கு வந்து, அங்கிருந்து ப்ளூடூத் மூலம் பொம்மைக்குள் போகும். குழந்தை பொம்மையின் பாதத்தை அழுத்தினால் அப்பாவின் குரல் கேட்கும். குழந்தை பதிலுக்குப் பேசினால் அதே வழியில் அப்பாவுக்குத் திரும்பிப் போகும். நல்ல யோசனைதான். பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கு ஆறுதலான பொம்மை.

கணக்கு தொடங்கும்போது பெற்றோர் கொடுத்த விவரங்கள், குழந்தையின் பெயர், பிறந்தநாள், எந்தக் குரல் பதிவு எங்கே இருக்கிறது என்ற முகவரிகள், இவை எல்லாம் மாங்கோடிபி என்ற வகைத் தரவுத்தளம் ஒன்றில் இருந்தன. அந்தத் தரவுத்தளத்துக்குக் கடவுச்சொல்லே போடவில்லை. பூட்டு பலவீனமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள், பூட்டே கிடையாது. இணையத்தில் திறந்து கிடக்கும் இயந்திரங்களைத் தேடித் தரும் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் தேடிய யாருக்கும் இது அகப்பட்டது. உள்ளே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரமும், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குரல் பதிவுகளின் முகவரியும் இருந்தன. குரல் கோப்புகள் அமேசானின் வாடகைச் சேமிப்பகத்தில் இருந்தன. முகவரி தெரிந்தால் போதும், யார் என்று கேட்காமலே கோப்பு திறந்தது.

2016 டிசம்பர் கடைசியிலேயே இதைக் கண்டுபிடித்தவர்கள் கம்பெனிக்கு எழுதினார்கள். பதில் இல்லை. 2017 ஜனவரியில் யாரோ உள்ளே புகுந்து தரவுகளை அழித்துவிட்டு, திருப்பித் தரப் பணம் கேட்டுக் குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள். பிப்ரவரி கடைசியில் ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியப் பாதுகாப்பு வல்லுநர் எல்லாவற்றையும் விவரமாக எழுதி வெளியிட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "குரல் பதிவுகள் திருடுபோகவில்லை" என்றது கம்பெனி. எடுத்தவன் ரசீது கொடுத்துவிட்டா போவான்? 2018-இல் அமேசான், வால்மார்ட், டார்கெட் ஆகிய கடைகள் அந்தப் பொம்மையை விற்பதை நிறுத்தின.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. இப்படி ஏதாவது நடந்தால் உடனே "பெற்றோர் நல்ல பாஸ்வேர்டு வைத்திருக்க வேண்டும்" என்று உபதேசம் செய்ய ஒரு கூட்டம் வரும். கிளவுட்பெட்ஸில் பெற்றோரின் பாஸ்வேர்டுகளை நல்ல முறையில்தான் மறைத்து வைத்திருந்தார்கள். ஆனால் "a" என்று ஒற்றை எழுத்தைப் பாஸ்வேர்டாக வைத்தாலும் அந்தச் செயலி ஏற்றுக்கொண்டது. அதைவிட முக்கியம், தரவுத்தளத்தைத் திறக்க எந்தப் பெற்றோரின் பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை. பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டு வீட்டின் பின்கதவைத் திறந்து வைத்த கதை. அந்தக் கதவு பெற்றோர் கையில் இல்லை. அதனால்தான், பெற்றோர் செய்யக்கூடியது வாங்குவதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான் என்கிறேன்.

அடுத்து வரும் வாதம் எனக்கு நன்றாகத் தெரியும். "குழந்தை பெயர் தெரிந்தால் என்ன ஆகிவிடும் சார்? நம் போன் நம்பரே ஊரெல்லாம் சுற்றுகிறது."

பெயர் மட்டும் என்றால் ஒன்றும் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் தனியாகப் போவதில்லை. ஹாங்காங்கின் விடெக் கம்பெனியின் விளையாட்டுக் கருவிகளில் 2015-இல் நடந்ததைப் பாருங்கள். சுமார் 48 லட்சம் பெற்றோர் கணக்குகளும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களும் வெளியே போயின. குழந்தையின் பதிவில் பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரின் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தது. பெற்றோரின் கணக்கில் வீட்டு முகவரி இருந்தது. இரண்டையும் சேர்த்தால் இந்த வீட்டில், இந்தப் பெயரில், இத்தனை வயதுக் குழந்தை இருக்கிறது என்று ஆகிவிடுகிறதே! அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2018-இல் அந்தக் கம்பெனியிடம் 6,50,000 டாலர் வசூலித்தது.

பேசும் பொம்மையில் இதற்கு மேலும் போகும். குழந்தை கரடியிடம் எதைத்தான் சொல்லாது? பாட்டியை எப்படிக் கூப்பிடும், எந்த வேனில் பள்ளிக்குப் போகும், அப்பா ஊரில் இல்லாத நாள் எது, நேற்று ராத்திரி வீட்டில் என்ன சண்டை, எல்லாவற்றையும் சொல்லும். பள்ளி வாசலில் ஒரு புது ஆள் வந்து, குழந்தையைச் செல்லப்பெயரால் கூப்பிட்டு, "அம்மாச்சி அனுப்பினாங்க" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்? பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற முடியாது, குரலை மாற்ற முடியாது.

எங்கள் பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டி இருக்கும். யாராவது வந்து "ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், வீட்டு விலாசம் கொடுங்கள்" என்றால், நீங்கள் யார், எதற்கு, யார் அனுமதித்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்காமல் பீரோவைத் திறக்க மாட்டோம். அதே விவரத்தை ஒரு கரடி கேட்டால் மட்டும் நாமே உட்கார்ந்து டைப் செய்து கொடுக்கிறோம்.

சரி, என்ன கேட்க வேண்டும்? என்னைப் பொறுத்தவரை நான்கே கேள்விகள்.

முதல் கேள்வி: பெயரும் குரலும் எங்கே இருக்கின்றன? பொம்மைக்குள்ளா, என் போனிலா, உங்கள் சர்வரிலா? சர்வர் என்றால் எந்த நாட்டில்? "பாதுகாப்பாக கிளவுடில் உள்ளது" என்று பதில் வந்தால் அது பதிலே இல்லை. கிளவுட் என்பது அடுத்தவனுடைய கணினி, அவ்வளவுதான்.

இரண்டாம் கேள்வி: எதை, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துக் கேளுங்கள். குரல் ஒன்று, அந்தக் குரலிலிருந்து எழுதி எடுத்த எழுத்து இன்னொன்று. சில கம்பெனிகள் "குரலைச் சேமிப்பதில்லை" என்று பெருமையாகப் போடும். எழுத்தை வைத்திருப்பதைப் பற்றி வாயே திறக்காது. பேச்சின் விஷயமெல்லாம் அந்த எழுத்தில்தானே இருக்கிறது! பதிலில் ஒரு எண் இருக்க வேண்டும், முப்பது நாள், தொண்ணூறு நாள் என்று. "தேவைப்படும் காலம் வரை" என்றால் என்றைக்கும் என்று அர்த்தம்.

மூன்றாம் கேள்வி: நான் அழிக்கச் சொன்னால் எதெல்லாம் அழியும்? இதைக் கட்டாயம் கேளுங்கள். அமேசானின் அலெக்ஸா விஷயத்தில் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டே இதுதான். குழந்தைகளின் குரல் பதிவுகளைக் கால வரம்பில்லாமல் வைத்திருந்தார்கள், பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் எழுத்துப் பிரதிகளை முழுவதும் அழிக்கவில்லை என்பது. 2023-இல் அமேசான் இரண்டரைக் கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அதை முடித்துக்கொண்டது. ஆகவே குரல், எழுத்து, குழந்தையைப் பற்றிய குறிப்பு, காப்புப் பிரதி என்று நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். காப்புப் பிரதியில் உடனே அழிக்க முடியாது என்பது நியாயமான பதில்தான். எத்தனை நாளில் அது தானாகக் கழியும் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம்.

நான்காம் கேள்வி: வேறு யார் கைக்குப் போகிறது? குரலை எழுத்தாக்குபவர் யார், பதில் தயாரிப்பவர் யார், அவர்கள் அதைத் தங்களிடம் வைத்துக்கொள்கிறார்களா, தங்கள் மென்பொருளைப் பழக்கப் பயன்படுத்துகிறார்களா? பொம்மைக் கம்பெனி அழித்துவிட்டாலும் மூன்றாவது ஆளிடம் இருக்கும் பிரதி அப்படியே கிடக்கலாம்.

கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவரைத் திட்டாதீர்கள். கம்பெனியின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தைத் திறந்து `retain`, `delete`, `third parties` என்ற சொற்களை மட்டும் தேடிப் படியுங்கள். பத்து நிமிட வேலை. அங்கே பதில் இல்லையென்றால் இந்த நான்கு வரியை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வெளிநாட்டுக் கம்பெனி என்றால் வீட்டில் யாரையாவது விட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்:

"உங்கள் பொம்மையை வாங்க நினைக்கிறேன். என் குழந்தையின் பெயர், குரல், பேச்சின் எழுத்துப் பிரதி ஆகியவை எங்கே சேமிக்கப்படுகின்றன? ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருக்கும்? கணக்கை நீக்கினால் எவை, எத்தனை நாளுக்குள் அழியும்? இவற்றைப் பெறும் மற்ற நிறுவனங்கள் எவை?"

ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். எண்ணும் பெயரும் உள்ள பதில் வந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். "உங்கள் குழந்தையின் பாதுகாப்பே எங்கள் தலையாய நோக்கம்" என்று மட்டும் வந்தால் வாங்காதீர்கள். பதிலே வரவில்லையென்றாலும் வாங்காதீர்கள். காசு கொடுக்கப்போகும்போதே பதில் சொல்லாதவன், தரவு வெளியே போன பிறகு உங்களைத் தேடி வந்து சொல்லவா போகிறான்?

ஏற்கெனவே வீட்டில் பொம்மை இருக்கிறதா? நீங்களே ஒரு சோதனை செய்யலாம். வைஃபையை அணைத்துவிட்டு, போனின் ப்ளூடூத்தையும் அணைத்துவிட்டு, "என் பேர் என்ன?" என்று குழந்தையைக் கேட்கச் சொல்லுங்கள். பொம்மை ஊமையாகிவிட்டால் அது பதில் சொல்வதற்கே வெளியே இருக்கும் கணினி வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பெயரைச் சொல்லிவிட்டால் உடனே நிம்மதி அடையாதீர்கள். பெயர் உள்ளே பதிந்திருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி, பேச்சு வெளியே போவதில்லை என்று ஆகாது. இரண்டாவது சோதனை: பொம்மையை முழுதாக ரீசெட் செய்து, அதே கணக்கில் மறுபடி இணையுங்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே பெயர் சொன்னால், ரீசெட் பட்டன் கம்பெனியிடம் இருப்பதைத் தொடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இதனால்தான் பழைய பொம்மையைத் தங்கை வீட்டுக்குக் கொடுக்கும்போதோ, தூக்கிப் போடும்போதோ கவனம் வேண்டும் என்கிறேன். போனிலிருந்து செயலியை நீக்கினால் கணக்கு நீங்காது. செயலிக்குள் போய் `Delete account` என்பதைக் கண்டுபிடித்து அழுத்திய பிறகுதான் செயலியை நீக்க வேண்டும். அப்படி ஒரு பட்டனே இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து வைத்துக்கொள்வதானால் உண்மைப் பெயர் தேவையில்லை. "குட்டி" என்று கூப்பிட்டாலும் குழந்தை சிரிக்கத்தான் போகிறது. பிறந்த தேதிக்கு ஜனவரி 1 போதும். போட்டோ வேண்டாம். செயலி தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

"அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதே சார்" என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் இல்லாமல் குழந்தையின் தரவைக் கையாளக் கூடாது என்கிறது. குழந்தைகளுக்கான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அப்படி வந்த பிறகும், இங்கே அலுவலகமோ முகவரியோ இல்லாமல் இணையக் கடையில் மட்டும் விற்கும் ஒரு கம்பெனியை யார் போய்ப் பிடிப்பது? அபராதம் தரவு போன பிறகு வருவது. போன குரலை அது திருப்பிக் கொண்டுவராது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் சம்மதம் உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பையன் வந்து அதே கரடியோடு விளையாடினால் அவன் பெயரும் குரலும்கூட உள்ளே போகும். அவன் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. பிறந்தநாள் விழாவில் இருபது பிள்ளைகளுக்கு நடுவே அந்தப் பொம்மையை வைக்காதீர்கள். அணைத்துப் பரணில் போட்டுவிட்டுக் கேக் வெட்டுங்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் மென்பொருள் கம்பெனிகளில் வேலை செய்கிறீர்கள். இந்த நான்கு கேள்வியும் உங்களுக்கும் சேர்த்துத்தான். தரவுத்தளத்துக்குக் கடவுச்சொல் போடாமல் விட்டதும் உங்களைப் போல ஒருவர்தான், "சோதனைக்குத்தானே" என்று நினைத்திருப்பார். குழந்தைகளின் பெயர் இருக்கும் எந்தப் பெட்டியும் சோதனைப் பெட்டி கிடையாது.

யாராவது ஏதாவது ஒரு கம்பெனிக்கு அந்த நான்கு வரியை அனுப்பினால், வந்த பதிலை அப்படியே கீழே போடுங்கள். உங்கள் பெயரையும் பிள்ளை பெயரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். அடுத்தவர் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளட்டும்.